412 உருப்படி, 8 தொகுப்பு: ஒரு மருத்துவமனை பில்லைச் சிகிச்சைக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்த கதை

மருத்துவமனையின் நோயாளர் உதவிப் பிரிவில் வேலை செய்யும்போது கையாண்ட ஒரு நிகழ்வு இது. நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். தொகைகளையும் அப்படியே தரவில்லை. மொத்த பில்லை 1000 பங்கு என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

பின்னணி

நோயாளி 61 வயதுப் பெண். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வயிற்றின் வலது மேல்பக்கம் வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்று அவசரப் பிரிவுக்கு வந்தார். பித்தப்பையில் கற்கள் இருந்தன. அதில் ஒன்று நழுவிப் பித்தநாளத்தில் போய் அடைத்திருந்தது, அடைத்த இடத்தில் தொற்றும் சேர்ந்திருந்தது.

நடந்ததை நாள்வாரியாகச் சொன்னால் பின்னால் வருவது புரியும். 1-ஆம் நாள் சேர்க்கை, ரத்தப் பரிசோதனைகள், அல்ட்ராசவுண்ட், ஆன்டிபயாடிக் ஊசி தொடக்கம். 2-ஆம் நாள் பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். 3-ஆம் நாள் காலை இ.ஆர்.சி.பி., அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கிப் பித்தநாளத்தின் வாயைத் திறந்து கல்லை எடுப்பது. கல் வந்துவிட்டது. பித்தம் தடையில்லாமல் வடிய ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று இரவே முதுகு வரை பரவும் கடுமையான வலி. 4-ஆம் நாள் காலை, ரத்தத்தில் கணைய நொதியான லைபேஸின் அளவு இயல்பின் மேல் எல்லையைப்போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. கணைய அழற்சி என்று முடிவானது. இ.ஆர்.சி.பி.க்குப் பிறகு வரக்கூடியது என்று நன்றாகவே தெரிந்த சிக்கல் இது. அன்று மதியம் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, 6-ஆம் நாள் மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். 9-ஆம் நாள் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார்கள். 11-ஆம் நாள் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

போகும் அன்றுதான் பிரச்சினை தொடங்கியது.

எங்களிடம் வந்த கேள்வி

நோயாளியின் மகள் பில்லோடு எங்கள் மேசைக்கு வந்தார். 412 உருப்படிகள். "சார், இதுல ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த பில்லை வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காரணம், பில் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது: அறை 212, மருந்தகம் 287, ஆய்வகம் 96, ஸ்கேன் 88, தியேட்டரும் சிகிச்சை முறைகளும் 204, மருத்துவர் வருகை 71, இதர 42. பணம் எந்தத் துறைக்குப் போகிறது என்று மருத்துவமனை தெரிந்துகொள்ள இந்தப் பிரிப்பு சரி. பித்தப்பை அறுவையோ எல்லாத் துறைகளிலும் சிதறிக் கிடந்தது. மயக்க மருந்து மருந்தகத்தில், கிளிப்புகள் தியேட்டரில், அகற்றிய பித்தப்பையின் திசுப் பரிசோதனை ஆய்வகத்தில்.

மகளுக்கு வேறு இரண்டு சந்தேகங்களும் இருந்தன. ஒன்று, 2-ஆம் நாள் கொடுத்த மதிப்பீட்டில் 700 பங்குதான் இருந்தது, மீதி 300 எங்கிருந்து வந்தது? இரண்டாவது, கிளம்பும் நாளின் தேதியில் மட்டும் 61 உருப்படிகள் இருக்கின்றனவே. "அன்னைக்கு அம்மா சும்மா உட்கார்ந்துட்டுதானே இருந்தாங்க?" என்று கேட்டார்.

அந்த 61-இல் ஒன்றைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. `HISTOPATHOLOGY - SMALL` என்று இருந்தது. அது புற்றுநோய்ப் பரிசோதனை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்து எங்களிடம் மறைக்கிறீர்களா என்பதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது. அகற்றிய பித்தப்பையை வழக்கமாகவே திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், குறிப்பிட்டுச் சந்தேகம் இருந்துதான் அனுப்பவேண்டும் என்பதில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பில்லின் ஒரு வரி சொல்லாமல் விட்டதை அவர் இரண்டு மணி நேரம் மனதில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

முதல் முயற்சி, அது ஏன் சரிவரவில்லை

நோயின் குறியீட்டைக் கொண்டு தொகுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதிவேட்டில் மூன்று குறியீடுகள் இருந்தன: தொற்றோடு கூடிய பித்தநாளக் கல்லுக்கு `K80.3`, கணைய அழற்சிக்கு `K85`, சர்க்கரை நோய்க்கு `E11`. மூன்று தொகுப்பு, வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அது உடைந்துபோனது. எண்டோஸ்கோப்பி, அறுவை இரண்டுமே கல்லுக்காகச் செய்தவை என்பதால் பில்லின் பெரும்பகுதி ஒரே தொகுப்பில் போய் விழுந்தது. மகள் கேட்ட 'ஆபரேஷனுக்கு எவ்வளவு' அதற்குள் மறைந்தது. வார்டுப் படுக்கையை எந்த நோயில் போடுவது என்றும் தெரியவில்லை. மேலும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு முழுக் கேஸ் ஷீட்டையும் பார்த்து, நோய் என்ன என்பதைச் சுருக்கமாகக் குறிக்க எழுதுவது இந்தக் குறியீடு. எந்த நாள் எதற்காக என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

எனவே குறியீட்டை விட்டுவிட்டு, மருத்துவர்கள் தினமும் எழுதிய குறிப்புகளைக் கையில் எடுத்தேன். அவற்றில் ஒரு ஓட்டம் இருந்தது. நோயைக் கண்டுபிடித்தார்கள், தொற்றை அடக்கினார்கள், கல்லை எடுத்தார்கள், சிக்கல் வந்தது, அதைச் சமாளித்தார்கள், பித்தப்பையை எடுத்தார்கள். குடும்பத்தின் நினைவில் இருந்ததும் இதே வரிசைதான். தொகுப்புகளை இந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு நோய்க்கும் பொதுவான தங்கலுக்கு ஒன்று, சர்க்கரை நோய்க்கு ஒன்று, எதிலும் பொருந்தாதவற்றுக்கு ஒன்று என மொத்தம் எட்டு.

வேலை நடந்த விதம்

தொடங்குவதற்கு முன்னால் நோயாளியிடமே கையெழுத்து வாங்கினோம். கேட்டது மகள்தான், ஆனால் கேஸ் ஷீட் அம்மாவுடையது. அதைத் திறந்து இன்னொருவருக்கு விளக்க அவருடைய சம்மதம் வேண்டும்.

அப்புறம் பில்லை ஒரு விரிதாளில் ஏற்றினோம். உருப்படி எண், பில் தேதி, உண்மையில் நடந்த தேதி, பெயர், எண்ணிக்கை, தொகை, ஆதாரம், தொகுப்பு என்று A முதல் H வரை எட்டுப் பத்திகள். இதில் உயிர் நாடியே ஏழாவது பத்தி. ஒவ்வொரு உருப்படிக்கும் கேஸ் ஷீட்டில் ஒரு சான்று வேண்டும். மருத்துவர் எழுதிய உத்தரவாக இருக்கலாம், மருந்துச் சார்ட்டில் கொடுத்ததற்கான கையொப்பமாக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி குறிப்பாக இருக்கலாம், ஆய்வக அறிக்கையாக இருக்கலாம். சான்று கிடைக்காத உருப்படி, அதன் பெயர் எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும், 8-ஆம் தொகுப்புக்குப் போகும். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம்.

ஒவ்வொரு தொகுப்பின் கூட்டலுக்கும் இது போதும்:

```
=SUMIFS(F:F, H:H, 5)
```

எட்டுத் தொகுப்பின் கூட்டல் பில்லின் மொத்தத்தோடு கடைசிக் காசு வரை ஒத்துப்போக வேண்டும். முதல் தடவை எங்களுக்கு அதிகமாக வந்தது. மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிய மருந்துகள் பில்லில் கழித்தல் குறியோடு 23 உருப்படிகளாக இருந்தன. அவற்றுக்குத் தொகுப்பு எண் போடாமல் விட்டிருந்தோம். எந்த மருந்தைத் திருப்பினார்களோ, அந்த மருந்து இருக்கும் தொகுப்பிலேயே அந்தக் கழித்தலையும் போட வேண்டும். தனியாக 'திரும்பியவை' என்று ஒரு குவியல் வைத்தால் மற்ற எல்லாத் தொகுப்பும் ஊதித் தெரியும்.

*தேதிச் சிக்கல்*

கிளம்பும் நாளின் 61 உருப்படிகளுக்கு விடை பில் தேதியிலேயே இருந்தது. பில்லில் அச்சாகும் தேதி சிகிச்சை நடந்த தேதி அல்ல, அந்தத் துறை கணினியில் ஏற்றிய தேதி. தியேட்டரில் 9-ஆம் நாள் பயன்படுத்திய டிரோகார், கிளிப், தையல் நூல் எல்லாவற்றையும் தியேட்டர் ஸ்டோர் தாளில் குறித்து வைத்து 11-ஆம் நாள் காலையில் மொத்தமாக ஏற்றியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் என்றதும் பாக்கிப் பதிவுகளை அவசரமாக முடிப்பது எங்கும் நடப்பதுதான். 61-இல் 44 இப்படி அறுவை நாளுக்குப் போயின. மீதியில் பெரும்பாலானவை வீட்டுக்குக் கொண்டுபோன மருந்துகள்.

இரவு நேர மருந்துகளிலும் இதே கதை. நள்ளிரவுக்கு முன் போட்ட ஊசி மறுநாள் தேதியில் இருக்கும். பில் தேதியை நம்பித் தொகுத்தால் 3-ஆம் நாள் இரவின் வலி மருந்தெல்லாம் 4-ஆம் நாளுக்கு நகர்ந்துவிடும். ஐ.சி.யூ. போன பிறகுதான் அழற்சி தொடங்கியது போலத் தோன்றும். மூன்றாவது பத்தியைத் தனியாக வைத்ததற்கு இதுதான் காரணம்.

*பொதுவான உருப்படிகள்*

ஒரே பொருள் இரண்டு காரணத்துக்குப் பயன்பட்டிருந்தால் என்ன செய்வது? எங்கள் அலுவலக நண்பர் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்றார். கணக்குப்படி அழகாக இருக்கும். ஆனால் நோயாளி பில்லில் ஒரு தொகையையும் எங்கள் தாளில் அதில் பாதியையும் பார்த்தால் மறுபடி குழம்புவார். எந்த உருப்படியையும் உடைப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

அதற்குப் பதில் ஒரு கேள்வி வைத்துக்கொண்டோம்: கணைய அழற்சி வராமல் இருந்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்குமா? 4-ஆம் நாளின் கல்லீரல் பரிசோதனை எப்படியும் செய்திருப்பார்கள், ஏனென்றால் கல்லை எடுத்த பிறகு காமாலை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது தொற்றுத் தொகுப்புக்கு. அதே ரத்த மாதிரியில் பார்த்த லைபேஸ் பரிசோதனை அழற்சிக்கு. 3-ஆம் நாள் இரவு சலைன் வேகத்தைக் கூட்டி மருத்துவர் எழுதியிருந்தார். அதன் பிறகு வந்த பாட்டில்கள் அழற்சிக்கு, முந்தையவை தொற்றுக்கு.

4-ஆம் நாள் சி.டி. ஸ்கேன் ஏன் எடுத்தார்கள் என்று எனக்கே புரியாமல் இருந்தது. வலியும் லைபேஸும் இருந்தாலே அழற்சி என்று சொல்லிவிடலாமே. குறிப்பைப் படித்தபோது காரணம் இருந்தது. எண்டோஸ்கோப்பியின்போது குடலில் துளை விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தை நீக்க எடுத்திருக்கிறார்கள். துளை இல்லை. தாளில் அந்த உருப்படிக்குப் பக்கத்தில் இந்தக் காரணத்தை ஒரே வரியில் எழுதினோம். சி.டி. என்று மட்டும் எழுதியிருந்தால் 2-ஆம் நாள்தான் ஒரு ஸ்கேன் எடுத்தார்களே, திரும்பவும் எதற்கு என்ற கேள்வி நிச்சயம் வந்திருக்கும்.

சர்க்கரைத் தொகுப்பில் ஒரு இடறல் மிச்சம் இருந்தது. ஐ.சி.யூ.வில் சர்க்கரை ஏறியதற்கு அழற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த இன்சுலின் யார் கணக்கு? மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சர்க்கரைத் தொகுப்பிலேயே வைத்து, 'ஐ.சி.யூ. நாட்களில் அளவு கூடியது' என்று மட்டும் குறிப்பிட்டோம். இது சரியான விடை என்று சாதிக்க மாட்டேன். மொத்தம் 29 பங்குதான் என்பதால் அதற்கு மேல் தோண்டவில்லை.

*நாங்கள் செய்த தவறு*

ஆன்டிபயாடிக் எண்ணிக்கையில் நான் சறுக்கினேன். பில்லில் `INJ PIPTAZO 4.5G` என்ற ஊசி 30 குப்பி வழங்கியதாகவும் 3 குப்பி திரும்பியதாகவும் இருந்தது. அதாவது 27. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு மூன்று. வார்டு மருந்துச் சார்ட்டில் கையொப்பங்களை எண்ணினேன், 18. ஒன்பது குப்பியைக் காணவில்லை!

மகளிடம் அதை அப்போதே சொல்லியிருந்தால் பெரிய வம்பாகியிருக்கும். நல்லவேளை, வார்டுப் பொறுப்பு நர்ஸிடம் முதலில் கேட்டேன். அவர் சார்ட்டைப் புரட்டிவிட்டு, "நடுவுல ரெண்டு நாள் காலியா இருக்கே, பார்க்கலையா? பேஷன்ட் ஐ.சி.யூ.ல இருந்தாங்க, அங்க தாளே வேற" என்றார். ஐ.சி.யூ.வில் மணிக்கணக்கு வாரியாக எழுதும் பெரிய தாள் தனி உறையில் இருந்தது. அதில் 6 தவணைகள். ஆக 24 கொடுத்திருக்கிறார்கள், காணாமல் போனது 3.

இந்த இடைவெளியைக் கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொடர்ந்து கொடுக்கும் மருந்தின் சார்ட்டில், நிறுத்தச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லாமல் ஒரு முழு நாள் காலியாக இருந்தால், மருந்து கொடுக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. வேறொரு தாளில் எழுதியிருக்கிறார்கள் என்றே முதலில் நினைக்க வேண்டும். ஐ.சி.யூ., தியேட்டர், அவசரப் பிரிவு மூன்றிலும் தனித் தாள் இருக்கும்.

பொருந்தாத 28 பங்கு

கடைசியில் 8-ஆம் தொகுப்பில் நான்கு விஷயங்கள் நின்றன.

பெரியது படுக்கை. 1-ஆம் நாள் முதல் 11-ஆம் நாள் வரை மொத்தம் 10 இரவுகள். பில்லில் வார்டு 9, ஐ.சி.யூ. 2, ஆக 11. ஐ.சி.யூ.வுக்கு மாறிய 4-ஆம் நாளில் இரண்டு படுக்கைக்கும் கட்டணம் விழுந்திருந்தது. நள்ளிரவில் நோயாளி எங்கே இருக்கிறாரோ அந்தப் படுக்கைக்கு மட்டும்தான் கட்டணம் என்பது இங்கே விதி. மாற்றத்தைக் கணினியில் ஏற்றியவர் பழைய படுக்கையை மூட மறந்திருந்தார். இது 12 பங்கு.

அடுத்தது அந்த 3 குப்பிகள், 6 பங்கு. நர்ஸ் குறிப்பில் ஒரு குப்பி கலக்கும்போது கை தவறி உடைந்ததாக எழுதியிருந்தது. மற்ற இரண்டுக்குத் தடயமே இல்லை.

மூன்றாவது, `GUIDEWIRE 0.035 450CM` என்ற உருப்படி இரண்டு இருந்தது. எண்டோஸ்கோப்பி குறிப்பில் ஒரு வயர் பயன்படுத்தியதாகத்தான் இருந்தது. இது 8 பங்கு. நான்காவது ஒரு நெபுலைசர் மாஸ்க், 2 பங்கு. மூச்சுக்கோளாறு இருந்ததாகக் கேஸ் ஷீட்டில் எங்குமே இல்லை.

நான்கையும் பில்லிங் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பினோம். 'தவறு' என்று எழுதாமல் 'சான்று கிடைக்கவில்லை' என்றே எழுதினோம். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் வயர் விஷயத்தில் எண்டோஸ்கோப்பி மருத்துவர் உடனே நினைவுகூர்ந்தார். முதல் வயர் கல்லைத் தாண்டும்போது வளைந்துவிட்டதாம், இரண்டாவதை எடுத்திருக்கிறார். அறையில் இருந்த டெக்னீஷியனின் பொருள் பட்டியலில் இரண்டு ஸ்டிக்கர்களும் ஒட்டியிருந்தன. மருத்துவர் குறிப்பில்தான் விட்டுப்போயிருக்கிறது. தேதியிட்டுக் கூடுதல் குறிப்பு எழுதினார், கட்டணம் பில்லில் அப்படியே இருந்தது. நெபுலைசர் பக்கத்துக் கட்டில் நோயாளியுடையது. படுக்கை, மூன்று குப்பிகள், மாஸ்க் மூன்றையும் நீக்கினார்கள். உடைந்த குப்பியை நோயாளி தலையில் கட்டக்கூடாது என்று வார்டே ஏற்றுக்கொண்டது. மொத்தம் 20 பங்கு குறைந்து பில் 980-இல் முடிந்தது.

பெயர் வைப்பதில் வந்த கருத்து வேறுபாடு

நான்காவது தொகுப்புக்கு 'இ.ஆர்.சி.பி.க்குப் பிறகு வந்த கணைய அழற்சி' என்று தலைப்பு வைத்திருந்தேன். ஒரு மருத்துவருக்கு அதில் உடன்பாடில்லை. சிகிச்சையில் தவறு நடந்தது போல வாசிக்கத் தோன்றும், இ.ஆர்.சி.பி. தொகுப்புக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள் என்றார். அவருடைய கவலை நியாயமானதுதான். திறமையான கையாலும் இந்தச் சிக்கல் வரும்.

ஆனால் சேர்த்தால் கல்லை எடுத்த செலவு இரண்டு மடங்குக்கு மேல் காட்டும், 300 பங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதே வார்த்தைகள் இருக்கின்றன, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலும் இந்தச் சிக்கல் பெயரோடு எழுதியிருக்கிறது. குறிப்பில் இருப்பதைத் தாளில் மறைத்தால் பிறகு அவர்கள் இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்? கடைசியில் தலைப்பை மாற்றாமல், விளக்கும்போது அந்த மருத்துவரே உடன் இருப்பது என்று ஒத்துக்கொண்டோம்.

விளக்கிய நாள்

திருத்தத்துக்குப் பிறகான தாள் ஒரே பக்கம்: நோயைக் கண்டறிய 104, பித்தநாளத் தொற்றுக்கு 142, இ.ஆர்.சி.பி.க்கு 166, கணைய அழற்சிக்கு 187, பித்தப்பை அறுவைக்கு 214, சர்க்கரை நோய்க்கு 29, வார்டுத் தங்கலும் வழக்கமான கவனிப்பும் 138. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த நாட்கள், ஏன் என்று இரண்டு வரி. அதன் பின்னால் 412 உருப்படிகளும் தொகுப்பு எண்ணோடு இணைப்பாக.

அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். வித்தியாசத்தைப் பற்றி முதலில் பேசினோம். முதல் பில்லின் கணக்கில் 187 அழற்சிக்கு, அது மதிப்பீட்டில் இருக்க வாய்ப்பில்லை. மதிப்பீட்டில் 6 இரவுகள்தான் போட்டிருந்தார்கள், கூடுதல் இரண்டு வார்டு இரவுகளுக்கு 24. சர்க்கரைச் செலவை மதிப்பீட்டில் சேர்க்கவே இல்லை, அது 29. பொருந்தாதவை 28. மிச்சம் 32 நீண்டுபோன ஆன்டிபயாடிக்கும் மருத்துவர் வருகையும். கூட்டினால் 300.

மருத்துவர் கணைய அழற்சியைப் பற்றிப் பேசும்போது அம்மா குறுக்கிட்டு, "அந்த ராத்திரி வலி உயிரே போயிடுச்சு, அதுக்குத்தானே இது?" என்று தாளில் விரலை வைத்தார். சண்டை எதுவும் வரவில்லை.

கணக்கு விவகாரம் முடிந்தது என்று எழுந்தபோதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. இ.ஆர்.சி.பி. தொகுப்பில் 'பிளாஸ்டிக் ஸ்டென்ட்' என்று இருந்ததைப் பார்த்து அம்மா, "இது இன்னும் உள்ளயா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், உள்ளேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாளடைவில் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் மறுபடி காமாலையும் தொற்றும் வரும். அதனால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் 'எட்டு வாரத்தில் ஸ்டென்ட் அகற்றல்' என்று இருந்தது. அவர்கள் அதைப் படித்திருக்கவில்லை. அதற்கான எண்டோஸ்கோப்பி செலவு இந்த பில்லில் இல்லை என்பதையும் அப்போதே சொன்னோம். எட்டாவது வாரம் அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தத் தாளால் முடியாதது

விலை நியாயமா என்று இந்தத் தாள் சொல்லாது. ஒரு வயருக்கு இவ்வளவா என்று மகள் கேட்டபோது, அது எதற்குப் பயன்பட்டது என்பதை மட்டும்தான் எங்களால் காட்ட முடிந்தது. எந்தச் சிகிச்சை தேவை, எது தேவையில்லை என்றும் சொல்லாது. குறிப்பில் உத்தரவு இருந்தால் உருப்படி பொருந்திவிடும், உத்தரவே தேவையா என்பது மருத்துவர்கள் பார்க்க வேண்டியது. குறிப்புகள் ஒழுங்காக எழுதப்படாத கேஸ் ஷீட் என்றால் 8-ஆம் தொகுப்பு வீங்கிவிடும், அதைப் பார்த்து பில்லைச் சந்தேகிப்பதா குறிப்பைச் சந்தேகிப்பதா என்று தெரியாது.

அடுத்த முறை மாற்றுவது

முதல் தடவை இரண்டரை நாள் ஆனது. அதில் பாதி, தாள்களைத் தேடியதில் போயிற்று. இப்போது வேலையைத் தொடங்கும் முன்பே நோயாளி எந்த நாள் எந்த இடத்தில் இருந்தார் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு, அந்த இடங்களின் தாள்கள் எல்லாம் கையில் வந்த பிறகுதான் எண்ணத் தொடங்குகிறோம். இரவுகளையும் அப்போதே எண்ணிவிடுவதால் படுக்கைக் கணக்கு முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

மதிப்பீட்டுத் தாளையும் இதே தொகுப்புப் பெயர்களில் தரலாம் என்று பில்லிங் பிரிவிடம் கேட்டிருக்கிறோம். 2-ஆம் நாளே 'சர்க்கரை நோய் சேர்க்கப்படவில்லை, சிக்கல் வந்தால் சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் பாதிக் கேள்விகள் எழுந்திருக்காது. திட்டமிட்ட அறுவைகளுக்கு மட்டும் முயன்று பார்ப்பதாகச் சொன்னார்கள்.

இன்னொன்று, தாளின் அடியில் 'உடலுக்குள் இருப்பவை, இனி செய்ய வேண்டியவை' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். ஸ்டென்ட், வடிகுழாய், வரவேண்டிய திசுப் பரிசோதனை முடிவு போன்றவை தேதியோடு அதில் வரும். இந்த நோயாளியின் தாளில் அது இல்லை.